வாய்விட்டுக் கதைக்க முடியாத யோசனையை நான்கு நாள் எழுதிப் பார்க்கும் முறை

என் மச்சாள் ஒருத்தி திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் வசிக்கிறாள். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அவள் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறாள். இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை எழவில்லை. ஆகையால் ஓர் அறையில் மூக்கை உறிஞ்சினாலும் மறு அறைக்குக் கேட்கும். கணவர் இரவில் தொலைபேசியில் அழைத்து "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டால் அவளுடைய பதில் எப்போதும் "ஒண்டுமில்ல, தடிமன்" என்பதாகவே இருக்கும். இந்தக் கட்டுரை அவளைப் போன்றவர்களுக்காக எழுதப்படுகிறது. கதைக்க ஆள் இல்லாமையால் தவிப்பவர்களைவிட, ஆள் இருந்தும் வாய் வராதவர்களையே நான் முதன்மையாக மனத்திற் கொண்டுள்ளேன். அவள் எழுதியவற்றைத் தானே எனக்கு வாசிக்கத் தந்து, பிறருக்குப் பயன்படுமானால் சொல்லலாம் என்று சம்மதமும் தந்தாள். ஆளை இனங்காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

இங்கே விளக்கப்போகும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் டலஸ் நகரிலுள்ள சதேர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர், சாண்ட்ரா பீல் என்ற மாணவியுடன் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 1986 ஆம் ஆண்டு வெளியானது. 46 மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, தொடர்ந்து நான்கு நாள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதச் செய்தார்கள். ஒரு குழு சாதாரண விடயங்களைப் பற்றி மட்டும் எழுதியது. மற்ற மூன்று குழுக்களும் தம் வாழ்வில் நேர்ந்த மிகக் கடினமான அனுபவத்தைப் பற்றி எழுதின. ஆனால் ஒன்று நடந்ததை மட்டும், இன்னொன்று உணர்ந்ததை மட்டும், மூன்றாவது நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதின. எழுதி முடித்த உடனே அதிகம் வாடிப்போனவர்கள் உணர்ச்சியைத் தொட்டு எழுதியவர்களே. ஆயினும் அடுத்து வந்த ஆறு மாதங்களில் சுகவீனம் என்று பல்கலைக்கழக வைத்திய நிலையத்துக்குப் போவது குறைந்தது, இரண்டையும் சேர்த்து எழுதிய குழுவிடமே தெளிவாகக் காணப்பட்டது.

புதிதாகத் தொடங்குபவர் இதிலிருந்து மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றுதான்: நடந்ததும் அது உங்களுக்குள் செய்ததும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று தொடுத்தபடி வரவேண்டும். அதன் பின் உலகின் பல இடங்களில் இதே முறை பரீட்சிக்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டு 146 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது பயன் உண்மையானது, ஆனால் சராசரியாகச் சிறியது என்று தெரிந்தது. ஆகவே நான்கு நாளில் கடன் தீரும், நோய் மாறும் என்ற நினைப்போடு பேனையை எடுக்க வேண்டாம். தலைக்குள் உருவமில்லாமல் சுழன்றுகொண்டிருக்கும் ஒன்றுக்கு ஆரம்பமும் நடுவும் முடிவும் கிடைப்பதே இதனால் நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய நியாயமான பயன்.

எழுதுவதற்கு முன்

முதலில் எந்த யோசனையை எழுதுவது என்று தீர்மானியுங்கள். பலருக்கு ஒரே நேரத்தில் ஐந்தாறு கவலைகள் இருக்கும். அவற்றில் மிகப் பெரியதையே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பாத்திரம் கழுவும்போதோ, பஸ்ஸில் யன்னலோரம் இருக்கும்போதோ, நீங்கள் அழைக்காமலே திரும்பத் திரும்ப வந்து நிற்பது எதுவோ அதை எடுங்கள். எடுத்தவுடனே நெஞ்சு பதறி, கை நடுங்கி, இதைத் தொட்டால் என்னால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றுமானால் அதை இம்முறை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். பென்னபேக்கரும் இதையே ஒரு விதியாகச் சொல்கிறார்: எழுதினால் நிலைகுலைந்துவிடுவேன் என்று தோன்றும் விடயத்தை எழுதக்கூடாது, எழுதத் தொடங்கிய பின் அப்படித் தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது நேரம். நான்கு நாளும் தொடர்ந்து வருவது நல்லது. ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் தொடரலாம், அதனால் எதுவும் கெட்டுவிடாது. 15 நிமிடம் எழுதவும், அதன் பின் முகம் கழுவி, தேநீர் குடித்து, சும்மா இருக்க இன்னொரு 15 நிமிடமும் என அரை மணித்தியாலம் கையில் இருக்கவேண்டும். படுக்கைக்குப் போகும் நேரத்தைத் தவிருங்கள், ஏனெனில் எழுதி முடிந்தவுடன் மனம் கிளறப்பட்டிருக்கும். அந்தக் கிளறலோடு விளக்கை அணைத்தால் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும். என் மச்சாள் பிள்ளைகள் ரியூசனுக்குப் போய், மாமியார் மதியச் சாப்பாட்டின் பின் கண்ணயரும் இரண்டேகால் மணியைத் தெரிந்தெடுத்தாள். தையல் மெசினின் முன் துணியை விரித்து வைத்துக்கொண்டு, அளவுக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினாள். யாராவது வந்தாலும் அவள் அளவு எழுதுவதாகவே தோன்றும். இவ்வளவு மறைப்பு தேவையா என்று வசதியான வீட்டில் இருப்பவர்கள் நினைக்கலாம். தேவை. யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு துளி இருந்தாலும், கை தானாகவே நல்ல பிள்ளையாக எழுதத் தொடங்கிவிடும். வீட்டில் இடமே இல்லாதவர்கள் பொது நூலகத்தின் ஒரு மூலையையோ, கடற்றொழில் செய்பவர்கள் ஆட்கள் கலைந்த பின் வாடியையோ பயன்படுத்தலாம்.

கடதாசியா, கைத்தொலைபேசியா என்ற கேள்விக்கு, எழுத்தின் பயனைப் பொறுத்தவரை இரண்டும் சரி. மறைவைப் பொறுத்தவரையிலேயே வேறுபாடு இருக்கிறது. நம் வீடுகளில் தொலைபேசி ஒருவருடைய கையில் மட்டும் இருப்பதில்லை. பிள்ளைகள் விளையாட எடுப்பார்கள், குறிப்புகள் மின்னஞ்சல் கணக்கோடு இணைந்து வேறொரு கருவியிலும் தோன்றக்கூடும். ஆகவே தனியான ஒரு மெல்லிய கொப்பி அல்லது கிழிக்கக்கூடிய ஒற்றைத்தாள்களே போதுமானவை. எழுதியதை என்ன செய்வது என்பதையும் எழுதுவதற்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். வைத்திருக்கப் பாதுகாப்பான இடம் இல்லையென்றால், கிழித்து ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்துவிடலாம், விறகடுப்பு இருந்தால் அதில் இடலாம். யாரும் வாசிக்கப்போவதில்லை என்ற உறுதி முதல் எழுத்துக்கு முன்பே இருந்தால்தான் உண்மை வெளியே வரும். கோபத்தில் கைநீட்டும் ஒருவர் வீட்டில் இருந்தால் ஒரு நாள்கூட அந்தத் தாளை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

எழுதும்போது

கொப்பியின் மேற்பக்கத்தில் இந்த ஒரு வசனத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "என்ன நடந்தது, அது எனக்குள் என்ன செய்தது, ஏன் இது என்னை இவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது." தொலைபேசியில் 15 நிமிடத்துக்கு மணியை வைத்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். பேனை நிற்கக்கூடாது. எழுத எதுவும் இல்லையென்றால் கடைசியாக எழுதிய வரியையே மீண்டும் எழுதுங்கள். இரண்டாம் முறை எழுதும்போது பெரும்பாலும் அடுத்த வரி கூடவே வந்துவிடும். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம், வெட்டி எழுத வேண்டாம்.

மொழி பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாடசாலையில் கட்டுரை எழுதிப் பழகிய நமக்கு, பேனையைப் பிடித்தவுடன் "நான் மிகுந்த மனவேதனைக்குள்ளானேன்" என்று வந்துவிடும். அந்த வசனத்துக்குள் யாருமே இல்லை. நீங்கள் மனத்துக்குள் உங்களோடு கதைக்கும் பேச்சிலேயே எழுதுங்கள்: "நெஞ்சுக்க என்னவோ அடைச்ச மாதிரி இருந்திச்சு" என்று. தூஷணம் வந்தால் அதையும் எழுதுங்கள். கூச்சம் வரும் இடத்தில் மொழி சட்டென்று மரியாதைத் தமிழுக்கு மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அப்படி மாறும் இடத்திலேதான் பெரும்பாலும் சொல்லாமல் விட்டது இருக்கும்.

நான்கு நாளும் என்ன நடக்கிறது: ஒரு முழு உதாரணம்

மச்சாளின் யோசனை இது. இருபது பேர் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய் கட்டும் சீட்டு ஒன்றில், இவள் தன் சிநேகிதி ஒருத்தியை "நான் பொறுப்பு" என்று சொல்லிச் சேர்த்துவிட்டாள். சிநேகிதி ஐந்தாம் மாதமே சீட்டை எடுத்துவிட்டு, எட்டாம் மாதத்துக்குப் பின் கட்டாமல் நின்றுவிட்டாள். மீதிப் பன்னிரண்டு மாதம் இவள் தலையில் விழுந்தது. நான்கு மாதம் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கட்டினாள். பிறகு முடியாமல், மீதி எட்டு மாதத்துக்காகக் கலியாணச் சங்கிலியை 80,000 ரூபாவுக்கு வங்கியில் அடகு வைத்தாள். கழுத்தில் கிடந்தது கவரிங் சங்கிலி. வீட்டில் எவருக்கும் தெரியாது.

முதல் நாள் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அதில் பெரும்பகுதி இப்படி இருந்தது: "அவ சீட்ட எடுத்திட்டு நிண்டிட்டா. நான்தான் சேத்து விட்டனான். சங்கிலி பாங்கில கிடக்கு. மாமிக்குத் தெரியாது. எல்லாம் என்ர பிழை." திகதி, தொகை, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் ஒழுங்காக வந்திருந்தன. உணர்வு என்று பார்த்தால் "பயமா இருக்கு" என்ற சொற்கள் ஒரே ஒரு முறை மட்டுமே இருந்தன. முதல் நாளில் இது வழமை. வாய் வராதவர்கள் பெரும்பாலும் பொலிசில் முறைப்பாடு எழுதுவது போல நடந்ததை மட்டும் எழுதுவார்கள். அன்று பின்னேரம் அவளுக்குத் தலை இடித்தது, சமைக்க மனம் வரவில்லை, இதை ஏன் தொடங்கினேன் என்று இருந்தது. எழுதி முடித்தவுடன் மனம் கனப்பது, 1986 ஆம் ஆண்டு மாணவர்களிடமும் காணப்பட்டது. அதை எதிர்பார்த்தே இருங்கள். ஓரிரு மணித்தியாலத்தில் தணிந்துவிட்டால் தொடரலாம். அடுத்த நாள் விடிந்த பின்னும் முதல் நாளைவிடக் கனமாக இருந்து, இரண்டாம் நாள் எழுதிய பின் அது இன்னும் கூடினால் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாம் நாள் நேர்மாறாக நடந்தது. நடந்தது எதுவும் இல்லாமல் ஒரு பக்கம் முழுவதும் உணர்வு: "வெக்கமா இருக்கு. எப்பிடி முகத்தப் பாக்கிறது. நான் ஒரு மடைச்சி." நான் எண்ணிப் பார்த்தபோது "வெக்கமா இருக்கு" என்பது ஏழு இடங்களில் இருந்தது. முறை பிழைத்துப் போகக்கூடிய இடம் இதுதான். ஒரே வசனத்தை ஏழு முறை எழுதுவது, தலைக்குள் சுழல்வதைத் தாளுக்கு இடம்மாற்றுவது மட்டுமே. நாளுக்கு நாள் அப்படியே போனால் எழுத்து அந்தச் சுழலுக்குத் தீனி போடத் தொடங்கிவிடும். இதை அடையாளம் காண வழி எளிது. எழுதியதைச் சற்று நேரம் கழித்து வேறொருவர் எழுதியதுபோல வாசித்து, "ஏனெண்டா", "அதாலதான்", "இப்ப விளங்குது", "அப்ப தெரியேல்ல" போன்ற சொற்கள் வரும் இடங்களைப் பென்சிலால் கோடிடுங்கள். பென்னபேக்கரும் அவருடைய சகாக்களும் 1997 இல் பலருடைய எழுத்துகளைச் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தபோது, காரணத்தையும் விளக்கத்தையும் காட்டும் சொற்கள் முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குப் படிப்படியாகக் கூடியவர்களே அதிகம் பயன் பெற்றிருந்தார்கள் என்று கண்டார்கள். அதற்காக அந்தச் சொற்களை அலங்காரமாகச் செருகக்கூடாது. அவை காய்ச்சல் பார்க்கும் கருவி போன்றவை, கருவியைச் சூடாக்கிக் காய்ச்சலைக் கொண்டுவர முடியாது. மச்சாளின் இரண்டாம் நாள் பக்கத்தில் கோடிட ஓர் இடமும் இல்லை.

அப்படி ஒரு பக்கம் வந்தால், மறுநாள் தொடங்கும்போது அதிகம் திரும்ப வந்த வசனத்தை எடுத்து அதன்மேல் இரண்டு கேள்விகளை வையுங்கள்: இந்த உணர்வு உடலில் எந்த நேரத்தில், எந்தக் காட்சியில் வருகிறது? இதே உணர்வு இதற்கு முன் எப்போது வந்தது? நான் அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, பணத்துக்கு யோசனையும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அன்று மழை. தகரத்தில் விழும் சத்தத்தில் மாமியார் எழும்பமாட்டார் என்ற தைரியத்தில் அவள் 25 நிமிடம் எழுதிவிட்டாள். அதில் ஒரு பகுதி: "மாமி என்ர கழுத்தப் பாக்கிறா எண்டு நினைச்சா நெஞ்சு இடிக்குது. மாமி ஒண்டும் சொல்ற ஆள் இல்ல. பிறகு ஏன் இடிக்குது? ஏனெண்டா அப்பா கடன் பட்ட நேரம் ஆக்கள் வாசல்ல வந்து நிண்டு கத்தினவை. நான் கதவுக்குப் பின்னால நிண்டனான். எட்டு வயசு. அண்டைக்கு அம்மா என்ர வாயப் பொத்தினவ. இப்பவும் ஆரும் கேற்றத் தட்டினா அந்தச் சத்தம்தான் கேக்குது. எனக்கு எண்பதாயிரம் பயமில்ல. அந்தச் சத்தம்தான் பயம்."

இப்பகுதியில் ஓர் "ஏனெண்டா" இருக்கிறது, இரண்டு காலங்கள் இருக்கின்றன, நடந்ததும் உணர்ந்ததும் ஒரே வசனத்துக்குள் பிணைந்திருக்கின்றன. வாய் ஏன் வரவில்லை என்பதற்கான காரணம்கூட அதிலே வந்துவிட்டது. ஆனால் அதை அவள் தேடி எழுதவில்லை. எல்லோருக்கும் இப்படிப் பழைய காட்சி ஒன்று கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு மூன்றாம் நாள் கிடைப்பது "எனக்கு அவன்மேல் பயமில்லை, கோபம்தான்" என்ற ஒரு சொல் மாற்றம் மட்டுமே. அதுவும் போதும். உணர்வுக்கு வைத்திருந்த பெயர் மாறினால், அடுத்துச் செய்யவேண்டியதும் மாறும்.

நான்காம் நாள் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். முதல் ஐந்து நிமிடம் வழமைபோல எழுதிவிட்டு, மீதி நேரத்தில் அதே விடயத்தை இன்னொருவர் நிற்கும் இடத்திலிருந்து எழுதுங்கள். "நான்" என்ற சொல்லோடு மட்டுமே நின்றுவிடாமல் பிறருடைய இடத்துக்கும் போய்த் திரும்பியவர்கள், அதாவது நாளுக்கு நாள் "நான்", "அவர்", "நாங்கள்" என்று பார்வை மாறியவர்கள், அதிகம் பயன் பெற்றதாகவும் பிற்கால ஆய்வு ஒன்று காட்டியது. மச்சாள் கணவருடைய இடத்திலிருந்து எழுதினாள்: "அவர் கேட்டா முதல்ல கோவப்படுவார். போனை வச்சிருவார். பிறகு அடுத்த நாள் எடுத்து எவ்வளவு, எப்ப மீக்கிறது எண்டுதான் கேப்பார். சங்கிலிய விட, சொல்லாம விட்டதுதான் அவருக்கு நோகும்." அதன் கீழே, நான் சொல்லாமலே, ஒரு கோடு கீறி இரண்டாகப் பிரித்திருந்தாள். ஒரு பக்கம்: வட்டி எவ்வளவு, அடகுச்சீட்டில் மீட்கும் திகதி என்ன, அந்தத் திகதிக்கு முன் வட்டியை மட்டும் கட்டித் தவணையை நீடிக்கலாமா என்று வங்கியில் கேட்பது. மறு பக்கம் ஒரே வரி: "சொல்றதா விடுறதா."

நான்கு நாளுக்கு முன் அவள் தலையில் இருந்தது ஒரே ஒரு கட்டி. இப்போது அது இரண்டாக நின்றது: ஒன்று வங்கிக்குப் போய்க் கேட்டால் பதில் கிடைக்கும் கேள்வி, மற்றது அவள் மட்டுமே பதில் சொல்லவேண்டிய கேள்வி.

எழுதிய பின் கதைக்க வேண்டுமா

கட்டாயமில்லை. எழுதியதை யாருக்கும் காட்டாமல் அழித்தவர்களுக்கும் பயன் கிடைக்கும், கதைப்பதற்கான ஒத்திகையாக மட்டும் இதைக் கருத வேண்டியதில்லை. ஆனால் சொல்லியே ஆகவேண்டிய விடயமானால், வாய் வராதவர்களுக்கு எழுத்து ஒரு பாலமாக அமையும். அதற்காக நான்கு நாள் எழுதிய தாள்களை அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். அவை உங்களுக்காக எழுதப்பட்டவை; அவற்றில் கோபமும் பழியும் கலந்திருக்கும், வாசிப்பவர் அந்த ஒரு வரியையே பிடித்துக்கொள்வார். முழுவதையும் வாசித்து, மற்றவருக்குத் தேவையான மூன்று நான்கு வரிகளைப் புதிதாக எழுதுங்கள்: என்ன நடந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, உங்களிடமிருந்து எனக்கு என்ன வேண்டும். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "அறிவுரை வேண்டாம், வாசித்துவிட்டு நாளைக்கு அழையுங்கள்" என்பதும் ஒரு தேவைதான்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால், குரற்பதிவாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். வேலைத்தலத்தில் நாலு பேர் நடுவில் அந்தக் குரல் ஒலிக்காது. வாசிப்பவர் தனக்கு ஏற்ற நேரத்தில் திரும்பவும் வாசிக்கலாம்.

இம்முறை ஏற்காத இடங்கள்

மரணமோ விபத்தோ பிரிவோ நடந்து சில நாட்களே ஆகியிருந்தால் இந்த நான்கு நாள் எழுத்தைத் தொடங்க வேண்டாம். அந்த நேரத்தில் மனத்துக்குத் தேவை உணவும் நித்திரையும் பக்கத்தில் ஓர் ஆளும்தான். சில வாரங்கள், தேவையானால் சில மாதங்கள் கழியட்டும். நம் மாவட்டத்தில் யுத்தத்தையும் 2004 ஆம் ஆண்டுக் கடல்கோளையும் உடம்பாலே கண்டவர்கள் ஏராளம். அந்த நினைவு வரும்போது அது நினைவாக வராமல், இப்போதே நடப்பதுபோலச் சத்தத்தோடும் மணத்தோடும் வருமானால், அதைத் தனியே இருந்து எழுதக்கூடாது. அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருக்கவேண்டும்; அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவில் அதற்கு உதவி கேட்கலாம். எழுதும்போது "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது" என்ற மாதிரி ஒரு வரி தானாக வந்து விழுந்தால், பேனையை வைத்துவிட்டு அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவி இலக்கம் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. முகம் தெரியாத ஒருவரிடம் சொல்வது சிலருக்கு வீட்டாரிடம் சொல்வதைவிட எளிது.

இன்னொரு சிறிய குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். இரவில் நித்திரை வராமல் நாளைய வேலைகள் தலையில் ஓடுவது வேறு விடயம். அதற்கு இந்த 15 நிமிட எழுத்து பொருந்தாது. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் அடுத்த சில நாட்களில் செய்யவேண்டியவற்றைப் பட்டியலாக எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முந்தி உறங்கினார்கள். பட்டியல் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு நல்லது: "பிள்ளையின் விடயம்" என்று எழுதாமல் "திங்கள் காலை வகுப்பாசிரியரைக் காண்பது" என்று எழுதுங்கள். உணர்வை எழுதுவது பகலுக்கு, பட்டியல் இரவுக்கு.

நான்கு நாள் முடிந்தபின் ஐந்தாம் நாளும் எழுதவேண்டும் என்று உங்களை வருத்த வேண்டாம். இது நாட்குறிப்புப் பழக்கம் அல்ல. தினமும் ஒரே கவலையை எழுதுவது, ஆறவேண்டிய புண்ணைத் தினமும் கிளறுவதாகிவிடும். ஒரு மாதம் விட்டு, அதே யோசனை இன்னும் அழைக்காமல் வந்துகொண்டிருந்தால் மீண்டும் நான்கு நாள் எழுதலாம். வேறொரு யோசனை வந்தால் அதற்கு வேறு நான்கு நாள். நான் என் தகப்பனாரின் நீண்ட நோயின்போது இரண்டு சுற்று எழுதினேன். முதற் சுற்றில் முழுக்க வைத்தியசாலையைப் பற்றியே எழுதியிருந்தேன், இரண்டாம் சுற்றில்தான் அவரோடு கடைசியாகச் சண்டை பிடித்த நாள் வந்தது.

மச்சாள் நான்காம் நாளின் கீழ்ப்பகுதியைத் தவிர மற்ற எல்லாத் தாள்களையும் வாளியில் ஊறவைத்துவிட்டாள். கிழித்து வைத்த அந்தத் துண்டை அடகுச்சீட்டோடு சேர்த்து மடித்து மெசின் லாச்சியில் வைத்தாள். அடுத்த கிழமை வங்கிக்குப் போய், வட்டியைக் கட்டித் தவணையை நீடிக்கலாம் என்று கேட்டறிந்து வந்தாள். கணவருக்கு நான்கு வரி எழுதினாள். பன்னிரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்து, பதின்மூன்றாம் நாள் இரவு அனுப்பினாள். அவர் இரண்டு நாள் அழைக்கவில்லை. மூன்றாம் நாள் அழைத்து, "மீக்கிறதுக்கு எப்ப கடைசித் திகதி?" என்று கேட்டார். சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை.